அறுவடை வண்டிக்கான குறி எங்கே இருக்க வேண்டும்?

காவிரிப் படுகையில் பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை தொடங்கும்போதெல்லாம் அறுவடை இயந்திரங்களின் பற்றாக்குறையும் அவற்றின் வாடகை உயர்வும் பேசுபொருளாகின்றன. ஆனால், வாடகை பேசி முடித்து, ஊரெல்லைவரை வந்துவிட்ட இயந்திரம் உரிய வயலுக்குள் இறங்க வழி தெரியாமல் வாய்க்காலின் மறுகரையில் நின்று இழக்கும் நேரம் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. கைப்பேசியில் ‘லொகேஷன்’ அனுப்பும் பழக்கம் எல்லாக் கிராமங்களுக்கும் வந்துவிட்ட பிறகும் இந்த இழப்பு தொடர்வதற்குக் காரணம், பெரும்பாலும் கருவியின் கோளாறன்று. குறி வயலின் நடுவில் வைக்கப்படுவதும், வண்டி இறங்கும் வாயில் வைக்கப்படாததுமே ஆகும்.

கையால் அறுத்த காலத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. அறுப்புக்கு வந்தவர்கள் அதே ஊரையோ பக்கத்து ஊரையோ சேர்ந்தவர்கள் என்பதால், எந்த வரப்பில் ஏறி எந்த மதகைக் கடந்து எவருடைய வயலுக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. இன்று சேலம், நாமக்கல், பெரம்பலூர், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்படும் இயந்திரத்தின் ஓட்டுநருக்கு, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் ஆறும் வாய்க்காலும் பின்னிய நிலத்தில், கையிலிருக்கும் கைப்பேசியைத் தவிர வேறு வழித்துணை இல்லை.

வயலுக்கு வரும் வண்டி அது ஒன்று மட்டுமன்று. இயந்திரத்தின் தொட்டி நிறைந்தவுடன் நெல்லை வாங்கிக்கொள்ள டிராக்டர் டிப்பர் வயலோரத்தில் நிற்க வேண்டும். பிறகு சில நாட்களில் வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் வர வேண்டும். அதை ஏற்றிச் செல்லும் லாரியும் வர வேண்டும். இத்தனை வண்டிகளின் ஓட்டுநர்களும் வெவ்வேறு ஊர்க்காரர்களாக இருப்பதும், அவர்களுக்கு ஒரே வயலின் வழியை உழவர் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் வாய்வழியாகச் சொல்லிக் கொண்டிருப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டன.

ஒரு மணி நேரத்தின் விலை

தை மாதத்தில் பனி கடுமையாக இறங்குவதால், கதிரில் உள்ள ஈரம் காய்ந்த பிறகே, அதாவது காலை ஒன்பது மணியோ பத்து மணியோ ஆன பிறகே, இயந்திரத்தை வயலில் இறக்குவது வழக்கம். மாலை மயங்கினால் மீண்டும் ஈரம் ஏறத் தொடங்கிவிடும். ஒரு நாளில் நன்றாக வேலை செய்யக் கிடைப்பது ஏறத்தாழ எட்டு மணி நேரமே. சேற்று நிலத்திலும் ஓடக்கூடிய, சங்கிலிப் பட்டை பூட்டிய ‘பெல்ட் வண்டி’ ஒரு ஏக்கரை அறுக்க, பயிர் சாயாமல் நின்றால், சுமார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், வழிதவறிப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் அன்றைய கணக்கிலிருந்து ஒரு ஏக்கரைக் கழித்துவிடுகிறது.

அந்தக் கழிவு யார் தலையில் விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தவறான குறியை அனுப்பியவரின் வயல் சற்றுத் தாமதமாகவேனும் அன்றே அறுக்கப்பட்டுவிடும். அன்றைய வரிசையில் கடைசியாக நின்றவரின் ஏக்கர்தான் மறுநாளைக்குத் தள்ளப்படும். அவர் ஏற்கெனவே அமர்த்திவைத்த டிப்பரும் ஆளும் வீணாவதோடு, இடையில் ஒரு மழை பெய்துவிட்டால் சாய்ந்த பயிரை அறுக்கக் கூடுதல் நேரமும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான 17 விழுக்காடு ஈரப்பத வரம்புக்குள் நெல்லைக் காயவைக்கக் கூடுதல் நாட்களும் அவருக்குச் செலவாகும். வாடகை மணிக்கணக்கில் பேசப்படுவதால் இந்த இழப்பு ரசீதில் எங்கும் தெரிவதில்லை என்பதே இதைப் பற்றி யாரும் பேசாமலிருக்கக் காரணம் எனலாம்.

நடுவில் வைத்த குறி என்ன செய்கிறது

கைப்பேசி வரைபடத்தில் ஓரிடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் அங்கே சிவப்பு நிறத்தில் ஊசி போன்ற ஓர் அடையாளம் தோன்றும். இதையே ‘பின்’ என்றும், பேச்சுவழக்கில் ‘லொகேஷன்’ என்றும் குறிப்பிடுகின்றனர். அது உண்மையில் இரண்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. முதலாவது, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லும் அகலாங்கு. இரண்டாவது, கிழக்கு மேற்கில் எங்கே என்பதைச் சொல்லும் நெட்டாங்கு. காவிரிப் படுகையில் முதல் எண் 10 அல்லது 11 என்றும், இரண்டாவது எண் பெரும்பாலும் 78 அல்லது 79 என்றும் தொடங்கும்.

வயலின் உரிமையாளர் ‘என் வயல் எங்கே’ என்று யோசித்து வயலின் நடுவில் குறி வைப்பது இயல்பானதே. பட்டாவிலும் புலப்படத்திலும் வயல் என்பது நான்கு எல்லைகளுக்கு உட்பட்ட ஒரு பரப்பாகவே காட்டப்படுகிறது, அதற்குள் நுழையும் வாய் எங்கே என்பதைச் சர்வே எண் சொல்வதில்லை. ஆனால், வழிகாட்டும் செயலி பரப்பைப் பார்ப்பதில்லை. அது குறியை எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சாலைகளில் அந்தக் குறிக்கு மிக அருகில் உள்ளது எது என்று தேடி, அந்தச் சாலையின் மிக அண்மையான புள்ளிவரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இடம் வந்துவிட்டதாக அறிவித்துவிடுகிறது.

அண்மை என்பது இங்கே நேர்க்கோட்டில் அளக்கப்படும் அண்மை. இடையில் வாய்க்கால் ஓடுகிறதா, கரை ஆறடி உயரமா, மதகு உடைந்து கிடக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேருவதில்லை. வறண்ட மானாவாரி நிலத்தில் இதனால் பெரிய தீங்கு நேராது, ஏனெனில் எந்தப் பக்கம் நின்றாலும் சுற்றி உள்ளே போய்விடலாம். ஆற்றின் கிளையாகவும் கிளையின் கிளையாகவும் நீர் பிரிந்து ஓடும் படுகை நிலத்திலோ, எதிர்க்கரையில் நிற்பதும் பக்கத்து ஊரில் நிற்பதும் ஒன்றுதான்.

ஒரு வயலின் கணக்கு

இதை ஒரு கற்பனை வயலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு பாசன வாய்க்காலின் தென்புறத்தில் மூன்று ஏக்கர் வயல் ஒன்று இருக்கிறது. வாய்க்காலின் வடகரையில் தார்ச்சாலை. வயலின் நடுவிலிருந்து அது நேர்க்கோட்டில் 70 மீட்டர். வயலுக்கு உண்மையான வழியோ தெற்கே 220 மீட்டர் தள்ளி ஓடும் ஊர்ச்சாலையிலிருந்து, ஒரு வண்டித் தடத்தின் வழியாக வந்து, சிறு கன்னி வாய்க்காலின் மேல் போட்ட மதகைக் கடந்து வயலின் தென்மேற்கு மூலையில் இறங்குகிறது. அந்த வண்டித் தடம் வரைபடத்தில் இல்லை.

உரிமையாளர் வயலின் நடுவில் குறி வைத்து அனுப்பினால் செயலிக்கு 70 மீட்டரும் 220 மீட்டரும்தான் தெரியும்; ஆகவே அது தயங்காமல் வடகரைச் சாலையைத் தேர்ந்தெடுக்கும். லாரி வடகரையில் வந்து நிற்கும்போது ஓட்டுநருக்கு வயல் கண்ணெதிரே தெரிகிறது, ஆள் கையசைப்பதும் தெரிகிறது, நடுவில் வாய்க்கால் மட்டும் இருக்கிறது. வண்டியைத் தாங்கும் பாலம் இரண்டரைக் கிலோமீட்டர் மேற்கே இருக்கிறதென்றால், போய்த் திரும்ப ஐந்து கிலோமீட்டர். கரைச்சாலையில் லாரியைத் திருப்ப இடமில்லாவிட்டால் பின்னோக்கியே ஓட்டிச் சென்று ஏதாவதொரு முக்கில் திருப்ப வேண்டும். இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் போய்விடக்கூடும்.

இதைவிட மோசமானது, இடம் வந்துவிட்டதென நம்பி ஓட்டுநர் இயந்திரத்தை லாரியிலிருந்து இறக்கிவிடுவது. பெல்ட் வண்டி சாலையில் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. தாரில் ஓட ஓட அதன் ரப்பர் பட்டை தேயும். அந்தப் பட்டை விலையுயர்ந்த பொருள் என்பதால் எந்த ஓட்டுநரும் அதை ஐந்து கிலோமீட்டர் ஓட்ட முன்வரமாட்டார். மீண்டும் லாரியில் ஏற்றி, சுற்றிக் கொண்டுவந்து, மீண்டும் இறக்க வேண்டும். தரகர் இடையில் புகுந்து, அடுத்த ஊர்க்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லி இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் இத்தகைய நேரத்தில்தான் நடக்கிறது.

இதே வயலுக்குச் சரியான குறி ஒன்றன்று, இரண்டு. முதலாவது, தெற்கே உள்ள ஊர்ச்சாலையில் லாரி நின்று இயந்திரத்தை இறக்கத் தோதான, சற்று அகலமான, மேலே தாழ்ந்த மின்கம்பி இல்லாத இடம். இரண்டாவது, மதகைக் கடந்து வண்டி வயலுக்குள் இறங்கும் மூலை. முதற்குறி செயலி அறிந்த சாலையின் மேலேயே இருப்பதால் லாரி தவறாமல் அங்கே வந்துசேரும். அங்கிருந்து இரண்டாம் குறிவரை உள்ள 200 மீட்டரை வரைபடத்தைக் கண்ணால் பார்த்தோ, ஆள் முன்னால் நடந்தோ கடந்துவிடலாம். ஒரே குறிதான் அனுப்ப முடியுமென்றால், வயல் வாயைவிடச் சாலையில் லாரி நிற்குமிடமே மேலானது, ஏனெனில் பெரிய பிழைகள் எல்லாம் சாலையைத் தேர்ந்தெடுக்கும்போதே நேர்ந்துவிடுகின்றன.

குறி வைக்கும் முறை

குறி வைப்பவர் வண்டி இறங்கும் இடத்துக்கு நேரில் சென்று நிற்பதே முதற்படி. வீட்டுத் திண்ணையிலிருந்தோ தேநீர்க் கடையிலிருந்தோ வாட்ஸ்அப்பில் ‘Send your current location’ என்பதை அழுத்தினால் திண்ணையும் கடையும்தான் போய்ச்சேரும். இப்படி அனுப்பப்படும் குறிகள் நினைப்பதைவிட மிகுதி. ‘Share live location’ என்பது இன்னும் பொருத்தமற்றது, ஏனெனில் அது இடத்தைக் காட்டுவதில்லை, ஆளைக் காட்டுகிறது. அனுப்பியவர் டீசல் வாங்கக் கடைவீதிக்குப் போனால் குறியும் அவரோடு போகும். தேர்ந்தெடுத்த நேரம் முடிந்ததும் நின்றும்விடும்.

கைப்பேசி தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையிலிருந்து கணிக்கிறது. திறந்த வானத்தின் கீழ் இதன் பிழை ஏறத்தாழ ஐந்து மீட்டர். வரைபடத்தில் தெரியும் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்குமானால், ‘இந்த வட்டத்துக்குள் எங்கோ’ என்று கைப்பேசி ஒப்புக்கொள்கிறது என்று பொருள். தென்னந்தோப்பின் நிழலிலும் கட்டடத்தின் அருகிலும் இந்த வட்டம் பெரிதாகும். வெட்டவெளியில் ஒரு நிமிடம் காத்திருந்தால் அது சுருங்கும். வாட்ஸ்அப்பும் துல்லியம் எத்தனை மீட்டர் என்பதை அனுப்பும் பொத்தானின் கீழேயே காட்டுகிறது. அந்த எண் பத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுப்பது நல்லது.

ஐந்து மீட்டர்தானே என்று விட்டுவிட முடியாத ஓரிடம் படுகையில் உண்டு. ஒரு வாய்க்காலின் இரண்டு கரைகளிலும் சாலை ஓடும்போது, இரண்டுக்கும் இடைவெளி பத்துப் பதினைந்து மீட்டரே இருக்கலாம்; கைப்பேசியின் சிறு பிழையே குறியை மறுகரைச் சாலைக்கு அருகில் தள்ளிவிடும். இத்தகைய இடங்களில் நீலப் புள்ளியை நம்பாமல், வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, மதகும் வண்டித் தடமும் கண்ணுக்குத் தெரியுமளவு பெரிதாக்கி, சரியான கரையின் சாலை மேல் விரலை அழுத்திக் குறி வைக்க வேண்டும். அந்தப் படம் பழையதாக இருக்கக்கூடும் என்பதால், புதிதாகப் போட்ட சாலையோ இடிந்த மதகோ அதில் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குறி வைத்தவுடன் அதைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. ‘Directions’ என்பதை அழுத்தி, புறப்படும் இடமாக அருகிலுள்ள பேருந்து நிலையத்தையோ நெடுஞ்சாலைச் சந்திப்பையோ கொடுத்து, காருக்கான வழியைக் கேட்க வேண்டும். தெரியும் நீலக் கோட்டின் தொடக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது முடியும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். சாலை முடிந்த புள்ளியிலிருந்து குறிவரை சிறு புள்ளிகளால் ஆன வரிசை ஒன்று நீண்டிருந்தால், அவ்வளவு தூரத்துக்குச் செயலிக்கு வழி தெரியவில்லை என்று பொருள். அந்தப் புள்ளிவரிசை மதகில்லாத இடத்தில் வாய்க்காலைக் கடக்குமானால் குறி தவறு. அப்படிக் கடக்காமல் வண்டித் தடத்தின் மேலேயே சென்றால் குறி சரி. இந்த ஒரு சோதனையைச் செய்தாலே தவறான குறிகளில் பெரும்பாலானவை அனுப்பப்படுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

எண்களாக எழுதி அனுப்புவோர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் ஐந்து இலக்கங்கள் இருந்தால் குறி ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பத்தில் நிற்கும். மூன்று இலக்கங்களோடு நிறுத்திவிட்டால் அது நூறு மீட்டர்வரை தள்ளிப்போகும், அதாவது வயலே மாறிவிடும். அகலாங்கையும் நெட்டாங்கையும் முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டாலோ, தஞ்சாவூர் வட்டாரத்தின் வயல் நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம், வடதுருவத்தை நெருங்கிய உறைகடலில் போய் விழும். வேடிக்கையாகத் தோன்றினாலும் இது நல்ல தவறு. உடனே கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது அருகிலேயே விழும் தவறுதான்.

ஊர்ப்பெயரை மட்டும் அனுப்புவதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடலாம். புதூர், மாத்தூர் போன்ற பெயர்களில் எத்தனையோ ஊர்கள் உள்ளன என்பது ஒருபுறமிருக்க, சரியான ஊரே கிடைத்தாலும் செயலி காட்டுவது அந்த ஊருக்கென அது வைத்திருக்கும் ஒரு புள்ளியையே. வயல்வெளி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். இந்திய அஞ்சல்துறை 2025-இல் அறிமுகப்படுத்திய டிஜிபின், நாடு முழுவதையும் சுமார் நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண்கள் கொண்ட குறியீட்டைத் தருகிறது. தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்ல இது உதவக்கூடும். ஆனால், வயலின் நடுக்கட்டத்தின் டிஜிபின்னைக் கொடுத்தால் அதே பழைய பிழை புதிய வடிவில் வந்துசேரும்.

பருவத்தோடு மாறும் வழி

வீட்டுக் கதவைப் போல வயலின் வாய் நிலையானதன்று. இந்தச் சிக்கலின் உண்மையான கடினம் இதிலேயே அடங்கியிருக்கிறது. மேட்டூர் அணை வழமையாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை நடக்கும்போது வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மதகைத் தவிர வேறு வழியே இருக்காது. அணை மூடிச் சில வாரங்கள் கழித்து, பின்பட்ட சம்பாவும் தாளடியும் அறுக்கப்படும்போது சிறு வாய்க்கால்கள் காய்ந்துவிடுவதால், அவற்றின் படுகையிலேயே இறங்கி ஏறிக் குறுக்கு வழியில் போய்விடலாம். ஒரே வயலுக்கு ஐப்பசியில் ஒரு வாயும் மாசியில் இன்னொரு வாயும் இருப்பது இப்படித்தான்.

உள்வயல்களின் நிலை இன்னும் சிக்கலானது. சாலையோரம் இல்லாத வயலுக்கு அடுத்தவர் வயலைக் கடந்துதான் வண்டி போக வேண்டும். அந்த வயலில் பயிர் நிற்கும்வரை அந்த வழி அடைபட்டே கிடக்கும். சாலையோர வயலிலிருந்து உள்நோக்கி வரிசையாக அறுத்துச் செல்வது படுகையின் பழைய ஒழுங்கு. வயதில் முந்திய நெல் உள்ளேயும் பிந்திய நெல் வெளியேயும் நிற்குமானால் இந்த ஒழுங்கு குலையும். அப்போது எவ்வளவு நுட்பமான குறியும் வண்டியை உள்ளே கொண்டுபோகாது. அடுத்த வயல்காரரின் இசைவைப் பெறுவதும், எந்த வரப்பை வெட்டி இறக்கிப் பிறகு கட்டித்தருவது என்று பேசிக்கொள்வதும் குறி வைப்பதற்கு முன் முடிய வேண்டிய வேலைகள்.

ஆகவே, குறியோடு கூடவே நான்கைந்து வரிகள் எழுதி அனுப்புவது இன்றியமையாதது. செயலி காட்டும் வழி காருக்கான வழி. மதகு எத்தனை டன் தாங்கும், கம்பி எவ்வளவு தாழ்ந்து தொங்குகிறது என்பவை அதற்குத் தெரியாது. பெல்ட் வண்டியின் எடை மூன்று டன் அளவிலேயே இருந்தாலும், அதை ஏற்றிய லாரியின் எடை அதைப்போல் பன்மடங்கு. வறண்ட வயலில் ஓடும் ‘டயர் வண்டி’யில் சிலவற்றின் வெட்டும் பகுதி பதினான்கு அடிவரை அகலம் கொண்டது என்பதால், பத்தடி மதகு பெல்ட் வண்டிக்குப் போதும், அதற்குப் போதாது. மேலே சொன்ன கற்பனை வயலுக்கான செய்தி இப்படி அமையலாம்:

“லாரி நிற்கும் இடம்: முதல் லொகேஷன். வயலில் இறங்கும் இடம்: இரண்டாவது லொகேஷன். தெற்கே ஊர்ச்சாலை வழியாக மட்டும் வரவும். வாய்க்காலின் வடகரைச் சாலையில் வர வேண்டாம், அங்கிருந்து வயலுக்குப் பாலம் இல்லை. மதகு பத்தடி அகலம்; பெல்ட் வண்டி மட்டும் போகும், லாரி ஏறக் கூடாது. மதகுக்கு முன்னால் மின்கம்பி தாழ்வாக உள்ளது. மூன்று ஏக்கர்; வயலில் ஈரம் உண்டு.”

இந்தச் செய்தியைப் படிக்கும் ஓட்டுநர் வழியை மட்டுமன்றி, எந்த வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவார். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு ஊர் நிலத்தைப் பார்த்துவரும் உரிமையாளர்கள், தாமே நினைவிலிருந்து குறி வைப்பதைக் கைவிட்டு, வயலில் நிற்கும் குத்தகைதாரரையோ நீர்பாய்ச்சுபவரையோ கேட்டு வாங்கி அனுப்புவதே முறை.

செய்யக்கூடியவை

இதற்கெனப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. இருக்கும் ஏற்பாடுகளில் ஒவ்வொரு கட்டத்தைச் சேர்த்தாலே போதும். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடும் இ-வாடகைப் பதிவிலும், உழவன் செயலியின் வாடகைப் பகுதியிலும், நிலம் இருக்கும் ஊரைக் கேட்பதோடு நிறுத்தாமல், ‘லாரி நிற்குமிடம்’, ‘வயலில் இறங்குமிடம்’ என்ற இரண்டு குறிகளைத் தனித்தனியே கேட்டு வாங்கி, அவற்றை ஓட்டுநரின் கைப்பேசிக்கு நேரே அனுப்ப வேண்டும். தனியார் இயந்திரத் தரகர்களும் முன்பணம் வாங்கும்போதே இந்த இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டால், அன்றாட வரிசையைத் தூரக் கணக்கோடு வகுக்க அவர்களுக்கும் உதவும்.

மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்காகப் பணியாளர்கள் கைப்பேசியோடு வயலிலேயே வந்து நின்று பயிரைப் பதிவு செய்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்த பிறகு, வண்டி எந்த வழியாக உள்ளே வருகிறது என்ற ஒரே ஒரு புள்ளியையும், அது பொதுப் பாதையா அடுத்தவர் நிலமா என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதில் கூடுதல் சுமை எதுவுமில்லை. வண்டிப்பாதை அடைபட்டதாக எழும் சண்டைகளில் வருவாய்த்துறைக்கும் அந்தப் பதிவு பயன்படும்.

ஊர் அளவில் செய்யத்தக்கது இன்னும் எளிது. ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் உழவர்கள் பயிர் கதிர் பிடிக்கும்போதே ஒரு மாலையில் கூடி, உள்வயல்களுக்கு எந்த வழி, யார் முதலில் அறுப்பது என்பதை முடிவு செய்து, ஊருக்குப் பொதுவாக இரண்டு மூன்று இறக்குமிடங்களைத் தேர்ந்து, அவற்றின் குறிகளைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்கலாம். தனித்தனி வயல்களின் குறிகளைப் பெரிய வாட்ஸ்அப் குழுக்களில் போடாமல் ஓட்டுநருக்கு மட்டும் அனுப்புவது நல்லது. மோட்டாரும் மின்கம்பியும் எங்கே இருக்கின்றன என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டிய தேவை இல்லை.

வரைபடத்தில் இல்லாத வண்டித் தடங்களைச் சேர்க்கும் வசதி கூகுள் மேப்பிலும், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலும் இருக்கிறது. கைப்பேசியில் தேர்ந்த ஊர் இளைஞர் ஒருவர் கோடையில் ஓரிரு நாட்கள் நடந்து, பொதுப் பாதைகளை மட்டும், தனியார் நிலத்தின் ஊடே போகும் தற்காலிகத் தடங்களைச் சேர்க்காமல், வரைந்துவிட்டால் அடுத்த பருவத்தில் செயலியே பாதி வேலையைச் செய்துவிடும்.

நீர்வளத்துறையும் ஊராட்சிகளும் பாசனப் பாலங்களிலும் மதகுகளிலும் அகலத்தையும் தாங்கும் எடையையும் பெயின்ட்டில் எழுதிவைக்க வேண்டும். கோடையில் தூர்வாரும் பணி நடக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிட்டால், குறுவை அறுவடைக்கு முதல் லாரி வருவதற்குள் அந்த எழுத்துகள் இடத்தில் இருக்கும்.